யோவா, சும்னிதாவா, பன்மலா: கொரிய மொழியில் யாரிடம் எப்படிப் பேசுவது?

சியோலில் மொழிப் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு ஹசுக்ஜிப்பில் தங்கியிருந்தேன். மாணவர்களுக்கு அறையும் காலை, இரவுச் சாப்பாடும் கொடுக்கிற வீட்டுக்கு அங்கே அப்படிப் பெயர். வீட்டுக்காரப் பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு நாள் காலையில் அவரைப் பார்த்து, "பாப் மொகொஸ்ஸொயோ?" என்று கேட்டேன். சாப்பாடு ஆயிற்றா என்று விசாரிக்கிறேனாம். கடைசியில் 'யோ' போட்டாயிற்று, மரியாதை தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

பாட்டி கோபப்படவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஜின்ஜி ஜாப்ஸுஷொஸ்ஸொயோ?" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் காட்டினார். நான் தப்பில்லாமல் திருப்பிச் சொல்லும்வரை சோறு வரவில்லை.

நான் சொன்னதிலும் 'யோ' இருந்தது, அவர் சொன்னதிலும் 'யோ' இருந்தது. அப்புறம் என்ன தப்பு? தமிழில் ஒருவர் உங்களிடம் வந்து, "நீ சாப்பிட்டியாங்க?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? 'ங்க' இருக்கிறது, ஆனால் 'நீ' உறுத்துகிறது. பாட்டியின் காதில் என் கேள்வி கிட்டத்தட்ட அப்படித்தான் விழுந்திருக்கும்.

கொரிய மொழி படிக்கிற பலரும் மரியாதையை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்கிறார்கள். அடியில் சகஜப் பேச்சான பன்மல், நடுவில் 'யோ' என்று முடிவது, உச்சியில் 'சும்னிதா' என்று முடிவது. எதிரில் இருப்பவரின் வயதைப் பார்த்து ஒரு படியில் நின்றுகொண்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் தேர்வு செய்ய வேண்டியவை இரண்டு. வாக்கியத்தில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது ஒன்று, யாரிடம் பேசுகிறோம் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யத் தெரிந்துவிட்டால், ஆசிரியர், பெரியவர், நண்பர் என்று யார் எதிரில் இருந்தாலும் தடுமாற்றம் பெரும்பாலும் போய்விடும்.

மேலே போவதற்கு முன் எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. கொரிய மொழியில் இரண்டு விதமான 'ஓ' இருக்கிறது. உதட்டைக் குவித்துச் சொல்வதை 'ஓ' என்றும், வாயைத் திறந்து சொல்வதை 'ஒ' என்றும் இங்கே எழுதுகிறேன். 'சும்னிதா'வின் முதல் எழுத்தைக் 'காசு' என்பதன் கடைசி எழுத்தைப் போல உதடு குவியாமல் சொல்ல வேண்டும். நம் குற்றியலுகரம் இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

இரண்டு தேர்வு, நான்கு வாக்கியம்

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த இரட்டைத் தேர்வு புதிதே இல்லை. நாம் பேச்சில் தினமும் செய்கிறோம். நான்கு வாக்கியங்களைப் பாருங்கள்.

"தம்பி வந்துட்டான்டா." கொரிய மொழியில் "தோங்செங் வஸ்ஸொ."
"தம்பி வந்துட்டானுங்க." அதுவே "தோங்செங் வஸ்ஸொயோ."
"அப்பா வந்துட்டாருடா." அது "அபொஜி ஓஷொஸ்ஸொ."
"அப்பா வந்துட்டாருங்க." அது "அபொஜி ஓஷொஸ்ஸொயோ."

'வந்தான்', 'வந்தார்' என்று நாம் மாற்றுவது, வந்தவருக்குத் தருகிற மரியாதை. கொரிய மொழியில் அந்த வேலையைச் செய்வது வினைக்கு நடுவில் புகுகிற 'ஷி'. 'ஓ' என்ற வினைப்பகுதியோடு 'ஷி' சேர்ந்து, இறந்தகாலமும் சேர்ந்தால் 'ஓஷொஸ்ஸொ' என்று ஆகிறது. கடைசியில் வரும் 'டா', 'ங்க' இரண்டும் வந்தவருக்கு அல்ல, கேட்டுக்கொண்டிருப்பவருக்கு. கொரிய மொழியில் அந்த இடத்தில்தான் 'யோ' உட்காருகிறது. கோவைப் பக்கம் "நான் போயிட்டு வந்தேனுங்க" என்று தன் செயலைச் சொல்லும்போதும் 'ங்க' போடுகிறார்களே, 'யோ'வும் அதே மாதிரிதான். செய்தவர் யாராக இருந்தாலும் கேட்பவருக்காக அது வரும்.

ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் 'ங்க' போடாமல் நடுநிலையாக ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். கொரிய மொழியின் பேச்சில் அந்த வசதி கிடையாது. வாக்கியத்தை முடிக்க வினைக்கு ஏதாவது ஓர் ஈறு வேண்டும், ஒவ்வோர் ஈறும் ஏதாவது ஒரு பேச்சு நிலையைச் சேர்ந்தது. 'யோ' சேர்க்காமல் விட்டால் அது பன்மல், அதாவது நெருக்கமானவர்களிடம் பேசும் தாழ்ந்த நிலை.

ஈறுகளில் எது?

பள்ளி இலக்கணம் கேட்பவரை ஒட்டி ஆறு நிலைகளைச் சொல்லும். அவற்றில் ஹாஓ, ஹாகே என்ற இரண்டும் இன்று பெரும்பாலும் சரித்திர நாடகங்களிலும், மருமகனிடம் பேசும் மாமனார் போன்ற முதியவர்களின் பேச்சிலும்தான் கேட்கும். கற்றுக்கொள்கிறவர் அவற்றைப் புரிந்துகொண்டால் போதும், பேச வேண்டியதில்லை. மிச்சமிருப்பதில் ஹேரா என்ற நிலை செய்தித்தாளுக்கும் கட்டுரைக்கும் உரிய எழுத்து நடையாகவும் இருக்கிறது. கொரிய மொழித் திறனைச் சோதிக்கும் தோபிக் தேர்வு எழுதுகிறவர்கள் இதை மட்டும் மறக்கக் கூடாது. இரண்டாம் பிரிவின் 54ஆம் கேள்விக்கான கட்டுரையை 'ஹன்தா' என்று முடிகிற இந்த நடையில்தான் எழுத வேண்டும். அங்கே யாரிடமும் பேசவில்லை என்பதால் மரியாதைக் குறைவு என்ற பேச்சே இல்லை. அங்கே 'யோ' போட்டால்தான் மதிப்பெண் குறையும்.

ஆக, பேச்சில் நாம் தேர்வு செய்யப்போவது சும்னிதா, யோ, பன்மல் என்ற மூன்றில் ஒன்றை. இதில் சும்னிதாவுக்கும் யோவுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சும்னிதா 'கூடுதல் மரியாதை' என்பதைவிட 'கூடுதல் சபைத்தன்மை' என்று எடுத்துக்கொள்வது சரியாக இருக்கும். செய்தி வாசிப்பவர், மேடையில் பேசுபவர், வகுப்பில் கட்டுரை படிக்கும் மாணவர், நேர்முகத் தேர்வுக்குப் போனவர் எல்லாரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ராணுவத்தில் வாக்கியத்தை 'தா' என்றோ 'க்கா' என்றோ மட்டுமே முடிக்க வேண்டும் என்ற கண்டிப்பு நெடுங்காலம் இருந்தது. 2016இல்தான் அன்றாடப் பேச்சில் 'யோ' சொல்லிக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள்.

இப்போது இந்த இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"பாப் மொகொத்சும்னிக்கா?"
"ஷிக்ஸா ஹஷொஸ்ஸொயோ?"

முதல் கேள்வியில் சும்னிதாவின் கேள்வி வடிவம் இருக்கிறது, ஆனால் 'ஷி' இல்லை. ஏணிக் கணக்குப்படி அதுதான் உயரம். ஆனால் ஒரு பேராசிரியரிடம் கேட்டால் காவல் நிலைய விசாரணை மாதிரி விறைப்பாக இருக்கும், அவரைத் தாழ்த்திய மாதிரியும் இருக்கும். இரண்டாவது வெறும் 'யோ'தான். ஆனால் உள்ளே 'ஷி' இருக்கிறது, 'சோறு' என்ற சாதாரணச் சொல்லுக்குப் பதில் 'உணவு' என்ற சொல் இருக்கிறது. கேட்பவருக்கு இதமாக இருப்பது அதுதான். அதனால் முதலில் 'ஷி' வேண்டுமா என்று பாருங்கள், ஈறை அப்புறம் தேர்ந்தெடுங்கள் என்று எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எந்த ஈறு என்று குழப்பமாக இருந்தால் 'ஷி'யோடு 'யோ'. அது அனேகமாக எங்கேயும் செல்லும். ஒரே உரையாடலில் சும்னிதாவும் யோவும் கலந்து வருவதும் இயல்புதான். கொரியர்களே வணக்கத்தையும் நன்றியையும் சும்னிதாவில் சொல்லிவிட்டு நடுப்பேச்சை யோவில் நடத்துவார்கள்.

நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு 'ஷி' ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. 'அன்னியொங்ஹசேயோ' என்ற வணக்கத்தில் வருகிற 'சேயோ', 'ஷி'யும் யோ நிலையின் ஈறும் ஒன்றாகக் கலந்ததுதான்.

அந்த 'ஷி'யே ஒரு பொறியும் வைக்கிறது. "ஒதிசொ ஓஷொஸ்ஸொயோ?", எங்கிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். உடனே கேள்வியை அப்படியே பிடித்துக்கொண்டு, "இந்தோயெசொ ஓஷொஸ்ஸொயோ" என்று பதில் வரும். புதிதாகப் படிக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது இதைச் செய்திருப்பார்கள். தமிழில் 'வந்தேன்', 'வந்தீர்கள்' என்று வினை தானாக மாறுவதால் நமக்கு இந்தத் தப்பு வர வழியில்லை. கொரிய வினையில் நான், நீ என்ற அடையாளம் கிடையாது. அதனால் கவனமாக 'ஷி'யைக் கழற்றிவிட்டு, "இந்தோயெசொ வஸ்ஸொயோ" என்று சொல்ல வேண்டும். தனக்குத் தானே 'ஷி' போட்டுக்கொள்வது, "நான் வந்தார்" என்பது மாதிரி.

ஆசிரியரிடம்

வகுப்புக்கு வர முடியாது என்று ஆசிரியருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். முதல் பருவத்தில் நான் அனுப்பியது இப்படி இருந்தது:

"நேயில் சுஒபே மோத் காயோ. சுக்ஜே நஜுங்கே ஜுல்கேயோ."

'நாளைக்கு வகுப்புக்கு வர முடியாது. வீட்டுப்பாடம் பிறகு தருகிறேன்.' இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை, இரண்டு வாக்கியத்திலும் 'யோ' இருக்கிறது. ஆனாலும் ஆசிரியருக்கு அனுப்பக் கூடாத செய்தி.

முதலில், விளிக்கவே இல்லை. கொரிய மொழியில் ஆசிரியரிடம் சொல்ல 'நீங்கள்' என்று ஒரு சொல் கிடையாது. அகராதியில் 'தங்ஷின்' என்று ஒன்று இருக்கும். அது கணவன் மனைவிக்குள்ளும் விளம்பர வாசகங்களிலும் வரும், தெருச் சண்டையிலும் வரும். ஆசிரியரிடம் வரவே கூடாது. 'நீங்கள்' வர வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் 'சொன்செங்னிம்' என்றே சொல்ல வேண்டும், பல்கலைக்கழகம் என்றால் 'க்யோசுனிம்'. நம் ஊரில் "சார், சார் சொன்னது எனக்குப் புரியலை" என்று மாணவர்கள் பேசுவார்களே, அந்த மாதிரி.

இரண்டாவது, 'மோத் காயோ' முகத்தில் அடித்தது போல முடிவைச் சொல்லிவிடுகிறது. காரணத்தைச் சொல்லி, 'மோத் கால் கொத் கத்சும்னிதா', அதாவது 'வர முடியாது போலிருக்கிறது' என்று சொன்னால் தணிந்துவிடும். முடிவு என்னவோ ஒன்றுதான். ஆனால் அதை ஆசிரியருக்கு அறிவிப்பதற்கும் அவர் முன் வைப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. 'ஜுல்கேயோ' என்பது கொடுப்பதற்கான சாதாரண வினை. இங்கே கொடுப்பவன் நான், அதனால் 'ஷி' போட முடியாது. ஆனால் வாங்குகிறவர் ஆசிரியர். வாங்குகிறவரை உயர்த்தத் தனி வினை இருக்கிறது, 'துரிதா'. நாம் பெரியவர்களுக்குக் 'கொடுத்தேன்' என்னாமல் 'சமர்ப்பித்தேன்' என்கிற வேளையை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் 'துரிதா' அவ்வளவு கனமான சொல் இல்லை, கடைக்காரர்கூட ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார். ஆக, சரியான செய்தி இது:

"சொன்செங்னிம், அன்னியொங்ஹசேயோ. நேயில் ப்யொங்வொனே கயா ஹேசொ சுஒபே மோத் கால் கொத் கத்சும்னிதா. சுக்ஜேனுன் மோரே துரிகெத்சும்னிதா. ஜ்வேசோங் ஹம்னிதா."

மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறது, வர முடியாது போலிருக்கிறது, வீட்டுப்பாடத்தை நாளை மறுநாள் தருகிறேன், மன்னிக்கவும். எழுத்தில் அனுப்புவதால் சும்னிதா பொருத்தமாக இருக்கிறது. இதையே நடைபாதையில் நேரில் சொல்வதாக இருந்தால் கடைசி வாக்கியங்களை 'துரில்கேயோ' என்று யோவுக்கு மாற்றிக்கொள்ளலாம், மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. 'ஜுல்கேயோ'வை 'ஜுகெத்சும்னிதா' என்று சும்னிதாவுக்கு ஏற்றினால் மட்டும் தப்பு அப்படியே இருக்கும்.

இன்னொன்று. வகுப்பு முடிந்து கிளம்பும்போது 'சுகோஹசேயோ' என்று சொல்லத் தோன்றும், கடைகளில் எல்லாரும் சொல்வதைக் கேட்டிருப்போம். 'சிரமப்பட்டு வேலை செய்யுங்கள்' என்ற பொருள் அதில் இருப்பதால் பெரியவர்களிடமும் ஆசிரியரிடமும் தவிர்ப்பது மரபு. 'கம்சாஹம்னிதா' என்று நன்றி சொல்லித் தலை குனிந்தால் போதும்.

வயதில் பெரியவர்களிடம்

பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தில் 'ஷி' மட்டும் சேரவில்லை, சொற்களே மாறிவிட்டன. 'பாப்' போய் 'ஜின்ஜி' வந்தது, சாப்பிடும் வினையும் 'ஜாப்ஸுஷிதா' ஆனது. பெரியவர்கள் விஷயத்தில் இப்படிச் சில சொற்கள் மொத்தமாக மாறும். தூங்குவது 'ஜாதா' என்றால் பெரியவர் தூங்குவது 'ஜுமுஷிதா'. வயது 'நாயி' என்றால் பெரியவரின் வயது 'யொன்சே'. பெயர் 'இரும்', பெரியவரின் பெயர் 'சொங்ஹம்'. இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு சொற்களைப் படித்துவிட்டால் அன்றாடத்துக்குப் போதும். ஜின்ஜி இப்போது தாத்தா பாட்டி தலைமுறையோடு நின்றுவிட்டது. நாற்பது, ஐம்பது வயதுக்காரரிடம் சொன்னால் அவர் தன்னைக் கிழவராக்கிவிட்டதாக நினைக்கக்கூடும். அங்கே 'ஷிக்ஸா'தான் சரி.

தடுமாற வைப்பது 'இத்தா', அதாவது 'இரு' என்கிற வினை. அதற்கு இரண்டு மரியாதை வடிவங்கள் இருக்கின்றன. பாட்டி வீட்டில் இருக்கிறாரா என்றால் 'கேசேயோ?' என்று கேட்க வேண்டும், ஏனென்றால் இருப்பது அவரே. பாட்டிக்கு நேரம் இருக்கிறதா என்றால் 'இஸ்ஸுசேயோ?', ஏனென்றால் இருப்பது அவருடைய நேரம். பள்ளி விழாக்களில் 'தலைமை ஆசிரியரின் உரை இருக்கிறது' என்று அறிவிக்கும்போது கொரியர்களே 'கே' போட்டுவிடுவதை இலக்கணப் புத்தகங்கள் தப்புக்கு உதாரணமாகக் காட்டும்.

இதே வழியில் வந்ததுதான் காபிக் கடைகளில் கேட்கிற "கொபி நாஓஷொத்சும்னிதா". வாடிக்கையாளரை மதிக்க நினைத்து, 'காபி அவர்கள் வந்திருக்கிறார்கள்' என்று காபிக்கே 'ஷி' போட்டுவிடுகிறார்கள். தேசிய கொரிய மொழி நிறுவனம் இதைத் தவறு என்று பல தடவை சொல்லியும் வழக்கம் ஓயவில்லை. கடையில் அடிக்கடி கேட்கிறோமே என்று நாமும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

தாத்தாவிடம் அப்பாவைப் பற்றிப் பேசும்போது என்ன செய்வது என்றும் கேட்பார்கள். தாத்தாவைவிட அப்பா சிறியவர் என்பதால் அப்பாவுக்கு 'ஷி' போடக் கூடாது என்பது பழைய முறை. 'அப்ஜொன்பொப்' என்று அதற்குப் பெயர். வீட்டில் அது தளர்ந்துவிட்டது. அலுவலகத்தில் அதைப் பின்பற்றவே வேண்டாம்: இயக்குநரிடம் மேலாளரைப் பற்றிச் சொன்னாலும் மேலாளர் உங்களைவிடப் பெரியவர் என்றால் 'ஷி' போடுங்கள்.

நாடகத்தில் பேரன் பாட்டியிடம் பன்மலில் பேசுகிறானே என்றால், பல வீடுகளில் உண்மையாகவே அப்படித்தான். நம் வீடுகளில் பாட்டியை 'வா, போ' என்று பேசுவதில்லையா? அந்த உரிமை அந்தப் பேரனுக்கு இருக்கிறது, வாடகைக்கு வந்த மாணவனுக்கு இல்லை.

நண்பர்களிடம்

பன்மலின் வடிவம் மிகச் சுலபம், யோவை எடுத்துவிட்டால் பெரும்பாலும் வந்துவிடும். எப்போது எடுக்கலாம் என்பதுதான் கஷ்டம். 'சிங்கு' என்ற சொல்லை நாம் 'நண்பர்' என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் கொரியப் பேச்சில் அது பெரும்பாலும் ஒரே வயதுக்காரரைக் குறிக்கும். ஒரு வயது மூத்தவர் எவ்வளவு நெருக்கமானாலும் ஆணுக்கு ஆண் 'ஹ்யொங்', பெண்ணுக்குப் பெண் 'ஒன்னி' என்று முறை வைத்துக் கூப்பிடுவார்கள். புதிதாகப் பார்த்தவர் பிறந்த வருடத்தைக் கேட்பதும் அதற்காகத்தான். துருவிப் பார்ப்பதற்காக இல்லை, எந்த ஈறில் வாக்கியத்தை முடிப்பது என்று தெரிந்துகொள்ள.

வளர்ந்தவர்கள் தங்களுக்குள் பன்மலுக்கு மாறுவது ஒரு சின்னச் சடங்கு. அதற்கு 'மல் நோதா' என்று பெயர், பேச்சை இறக்கி வைப்பது. வயதில் மூத்தவர் அதை முன்மொழிவது முறை. இளையவர் தானாக இறக்கிவிட்டால் அத்துமீறல். ஆனால் "மல்ஸும் ப்யொன்ஹகே ஹசேயோ", என்னிடம் சகஜமாகப் பேசுங்கள் என்று மூத்தவருக்கு அனுமதி தரலாம். அப்படித் தந்தாலும் மூத்தவர் மட்டுமே பன்மலுக்கு மாறுவார், இளையவர் யோவிலேயே தொடர்வார். பதிலுக்கு 'நீயும் இறக்கு' என்று அவர் வெளிப்படையாகச் சொல்லும்வரை காத்திருப்பதுதான் நல்லது.

எனக்கும் என்னோடு மொழி மாற்றிப் படித்துக்கொண்ட கொரிய நண்பனுக்கும் ஒரே வயது. ஒரு மாதம் இரண்டு பேரும் யோவில் பேசினோம். ஒரு நாள் அவன், "ஊரி மல் நோஉல்க்காயோ?", நாம் பேச்சை இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்டான். கேட்பதுகூட யோவில்தான் என்பதைக் கவனியுங்கள். சரி என்றேன். ஆனால் நாக்கு கேட்கவில்லை, ஒரு வாரம் யோ ஒட்டிக்கொண்டே வந்தது. 'நான்' என்பதற்கும் பணிவான 'ஜொ'வைவிட்டு 'நா' என்று வரவில்லை. மரியாதை கூடினால் என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அவனுக்கோ, நட்பை ஏற்றுக்கொண்ட பிறகும் நான் வாசலிலேயே நிற்கிற மாதிரி இருந்திருக்கிறது.

அது எனக்கு முழுதாக விளங்கியது பல மாதம் கழித்து. ஒரு சனிக்கிழமை அவனைச் சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம் காக்க வைத்துவிட்டு, வர முடியவில்லை என்று செய்தி அனுப்பினேன். வழக்கமாக 'உங்' என்று ஒரே எழுத்தில் பதில் போடுகிறவன் அன்றைக்கு, "நே, அல்கெஸ்ஸொயோ" என்று அனுப்பினான். 'சரிங்க, புரிஞ்சுதுங்க.' திட்டு ஒன்றும் இல்லை, யோ மட்டும் திரும்பி வந்திருந்தது. உடனே கிளம்பி அவன் அறைக்குப் போனேன்.